பாஸ்ரியன் ஹோஸ்ட் போட நாலு வழி பாத்தம், கடைசியா எதை எடுத்தம், ஏன் எடுத்தம்

பாஸ்ரியன் எண்டது வெளியில இருந்து உள் சேர்வர்களுக்குப் போற எல்லாரும் முதல்ல வந்து போற வாசல் மெசின். எங்கட ஒபிஸ் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில, சேர்வர் எல்லாம் கொழும்பு டேட்டா சென்ரர்ல. மொத்தம் 14 மெசின், 12 உபுண்டு, 2 விண்டோஸ். அதுக்குள்ள போய் வேலை செய்யிற ஆக்கள் 6 பேர், நாலு பேர் யாழ்ப்பாணத்தில, ஒராள் கொழும்பில, ஒராள் ரொறன்ரோவில இருந்து எங்களுக்கு இரவு நேரத்தில பாக்கிறவர். இவ்வளவு காலமும் எல்லாரும் `ubuntu` எண்ட ஒரே யூசர்ல ஒரே கீயை வச்சு நேரா எல்லா மெசினுக்கும் போய் வந்தம், புதுசா ஒராள் சேர்ந்தா அந்தக் கீ ஃபைலை வாட்ஸப்பில அனுப்பிறது. சொல்லவே வெக்கமா இருக்கு, ஆனா சின்னக் கொம்பனிகள் கனக்க இடத்தில இண்டைக்கும் இப்பிடித்தான் நடக்குது.

ஒரு நாள் விடிய வந்து பாத்தா ஒரு சேர்வர்ல வாடிக்கையாளர் ஏத்தின ஃபைல் போல்டர் முழுக்க காலி. பேக்கப் இருந்தபடியா அரை நாளில திரும்ப எடுத்தாச்சு, ஆனா ஆர் செய்தது எண்டு கண்டுபிடிக்கவே ஏலாமப் போச்சு. `auth.log` ல 20:10 க்கு ஒரு லொகின், சேர்வர் நேரம் யூரிசி எண்டபடியா எங்கட நேரம் இரவு 1:40. ஐபியைப் பாத்தா மொபைல் டேட்டா ஐபி, ஒரே ஐபிக்குப் பின்னால ஆயிரம் பேர் இருக்கலாம். கீயும் எல்லாருக்கும் ஒண்டு. `.bash_history` ல `rm` கொமாண்ட் இருந்துது, ஆனா அதில நேரம் எழுதி இருக்காது, செஷன் முடியேக்க தான் மொத்தமாக் கொண்டு வந்து கொட்டும், ரெண்டு பேர் ஒரே யூசர்ல இருந்தா ரெண்டு பேற்றதும் ஒரே ஃபைலுக்குள்ள தான் வரும். அண்டைக்கு ரீமுக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் பாத்த பார்வை தான் எனக்கு மெய்யா வலிச்சது, ஃபைல் போனது இல்லை. அதுக்குப் பிறகு தான் பாஸ்ரியன் ஒண்டு கட்டாயம் போடுறது எண்டு முடிவெடுத்தம், ஆனா எந்த வகை எண்டதில ரெண்டு கிழமை கதைச்சம், அந்தக் கதையைத் தான் எழுதுறன்.

முதல்ல எல்லாரும் சொல்லுறது ProxyJump, பாஸ்ரியன் ஊடாத் தாவி உள் சேர்வருக்குப் போறது. ஓப்பன் எஸ்எஸ்எச் 7.3 ல இருந்து இருக்கிற வசதி, புதுசா ஒண்டும் இன்ஸ்ரோல் பண்ணத் தேவையில்லை, லப்டொப்பில `~/.ssh/config` க்குள்ள நாலு வரி போட்டா முடிஞ்சுது.

```
Host bastion
  HostName 203.0.113.10
  User user1
Host app-*
  User user1
  ProxyJump bastion
```

எங்கட தம்பி ஒராள் இதை ஒரு பின்னேரத்துக்குள்ள போட்டு முடிச்சிட்டு வந்து கேட்டார், "அண்ணா, எல்லாரும் இனி பாஸ்ரியன் ஊடா தானே போகினம், அப்ப எல்லாம் அங்க ரெக்கோர்ட் ஆகும் தானே?" எண்டு. "இல்லைத் தம்பி, பாஸ்ரியன்ல ஒண்டுமே விழாது" எண்டன், அவர் நம்பேல்ல. பிறகு ரெண்டு பேருமா இருந்து பாஸ்ரியன்ல `journalctl -u ssh` அடிச்சுப் பாத்தம். user1 இந்த ஐபியில இருந்து இந்தக் கீயோட வந்தார் எண்டு ஒரு வரி, போனார் எண்டு ஒரு வரி, அவ்வளவு தான். எந்த சேர்வருக்குப் போனார் எண்டது கூட சாதாரண லொக் லெவல்ல வராது.

ஏனெண்டா ProxyJump ல உங்கட லப்டொப்புக்கும் கடைசி சேர்வருக்கும் இடையில தான் என்கிரிப்ஷன் நடக்குது, பாஸ்ரியன் சும்மா பைற்றை வாங்கி அங்கால தள்ளுது. ஒட்டின கடிதத்தை தபால்காரர் கொண்டு போய்க் குடுக்கிற மாதிரி, உள்ளுக்குள்ள என்ன எழுதியிருக்கு எண்டு அவருக்குத் தெரியாது. பாதுகாப்புக்கு இது நல்ல விசயம், பாஸ்ரியனை ஆரும் பிடிச்சாலும் உங்கட கீயோ பாஸ்வேர்ட்டோ அங்க கிடைக்காது. ஆனா செஷன் லொக் வேணுமெண்டா அதே குணம் தான் தடையா நிக்குது. எங்களுக்கு விளங்கின முக்கியமான விசயம் இது தான், மற்ற எல்லா வழியையும் நான் இந்த ஒரு கேள்வியை வச்சுத் தான் பாத்தன்: கடிதம் எங்க பிரிக்கப்படுது? எங்க பிரியுதோ அங்க தான் ரெக்கோர்ட் பண்ணலாம், அங்க தான் ஆபத்தும் குவியும்.

ProxyJump ஐ வச்சுக் கொண்டே லொக் வேணுமெண்டா கடைசி சேர்வர்ல ரெக்கோர்ட் பண்ணோணும். அதுக்கு `tlog` எண்டு ஒரு சாமான் இருக்கு, யூசர்ற லொகின் ஷெல் இடத்தில `tlog-rec-session` ஐ வைச்சா ஸ்கிரீன்ல வாற எல்லாத்தையும் நேரத்தோட பதியும், பிறகு `tlog-play` ல வீடியோ மாதிரி ஓட்டிப் பாக்கலாம். ரைப் பண்ணுறதை அது தானா எடுக்காது, வெளியில வாறதை மட்டும் தான் எடுக்கும், அதால சூடோ பாஸ்வேர்ட் பதிவுக்குள்ள போகாது. ரெட்ஹற் குடும்பத்து மெசின்கள்ல இதை யூசர் கணக்கைப் பாக்கிற எஸ்எஸ்எஸ்டி ஓட சேர்த்து ஆர் ஆரைப் பதியிறது எண்டு ஒரு இடத்தில சொல்லலாம், உங்கட சேர்வர் முழுக்க அல்மா, ரொக்கி எண்டா இது நல்ல வழி. எங்களுக்குச் சரிவரேல்ல. 12 மெசின்லயும் தனித்தனியா வைக்கோணும் எண்டது ஒரு பக்கம், மற்றது அந்த மெசின்ல வேலை செய்யிற எங்கட ஆக்கள் எல்லாருக்கும் ரூட் இருக்கு. ரூட் இருக்கிறவர் பதிவையும் நிப்பாட்டலாம், ஜேர்னலையும் அழிக்கலாம். ஆரைப் பதியிறமோ அவற்ற கையிலயே பதிவு இருக்கிறது சரியில்லை. உடனுக்குடன் வேற மெசினுக்கு அனுப்பினா ஓரளவு சமாளிக்கலாம், ஆனா அனுப்புறதை நிப்பாட்டுறதும் அவற்ற கையில தானே.

ரெண்டாவது வழி, பாஸ்ரியன்ல ஒரு ஷெல் குடுத்து அங்க பதிஞ்சு, அங்க இருந்து திருப்பி `ssh` அடிச்சு உள்ளுக்குப் போறது. பழைய முறை, கனபேர் இன்னும் செய்யினம். இதில கடிதம் பாஸ்ரியன்ல பிரியுது, பதியலாம், யூசருக்கு பாஸ்ரியன்ல ரூட் இல்லாதபடியா அழிக்கவும் ஏலாது. கேக்க நல்லா இருக்கு. ஆனா இதை இணையத்தில சொல்லித் தாற விதம் பெரும்பாலும் `/etc/profile.d` க்குள்ள, ஸ்கிரீனை ஃபைலுக்குப் பதியிற `script` கொமாண்டை வைக்கிறது, அது ஒரு ஓட்டை வாளி. நான் எங்கட ரெஸ்ட் மெசின்ல வைச்சிட்டு, என்ர லப்டொப்பில இருந்து இதை அடிச்சன், `nc` எண்டது பைற்றை அப்பிடியே அங்கால தள்ளுற கொமாண்ட்:

```
ssh -o ProxyCommand="ssh user1@203.0.113.10 nc 10.20.0.11 22" \
    user1@10.20.0.11
```

நேரா உள்ளுக்குப் போட்டுது, பதிவுல ஒரு எழுத்தும் இல்லை. `ssh` ஓட ஒரு கொமாண்டைச் சேர்த்துக் குடுத்தா அது லொகின் ஷெல் இல்லை, profile வாசிக்காது, `script` ஓடாது. சிலபேர் `AllowTcpForwarding no` போட்டாச் சரி எண்டுவினம், அது ProxyJump ஐ மறிக்கும், இந்த `nc` ஐ மறிக்காது. ஓப்பன் எஸ்எஸ்எச் மனுவல்லயே இருக்கு, ஷெல் குடுத்தா யூசர் தானே தனக்கு ஒரு ஃபோர்வேர்டர் வைக்கலாம், அதால ஷெல்லையும் மறிக்காட்டி பாதுகாப்பு அதிகமாகாது எண்டு. அதோட `script` யூசர்ற பெயரிலயே ஓடுறதால அந்தப் பதிவு ஃபைலை அவரே அழிக்கலாம். சரியாச் செய்யிறதெண்டா `sshd_config` ல குழுவுக்கு `AllowTcpForwarding no` ஓட ForceCommand உம் போட்டு என்ன கேட்டாலும் பதியிற ஷெல் மட்டும் தான் எண்டு கட்டோணும், தனி யூசர்ல எழுதுற `tlog` மாதிரி ஒண்டை வைக்கோணும், பாஸ்ரியன்ல இருந்து வெளியில போற பாதையையும் உள் சேர்வர் 22 ஐத் தவிர எல்லாத்தையும் அடைக்கோணும், இல்லாட்டி உள்ளுக்க இருந்து வீட்டு மெசினுக்கு ஒரு தலைகீழ் ரனல் போடலாம்.

இவ்வளவும் செய்தாலும் கீ பிரச்சினை தீராது. பாஸ்ரியன்ல இருந்து அங்கால போக ஒரு கீ வேணும். எல்லாற்ற பிரைவேட் கீயையும் பாஸ்ரியன்ல வைச்சா அது புதையல் பெட்டி. கீயை லப்டொப்பிலயே வைச்சு பாஸ்ரியன்ல இருந்து பாவிக்க விடுற ஏஜென்ற் ஃபோர்வேர்டிங் எண்டா, நீங்கள் கனெக்ட் ஆகி இருக்கிற நேரம் பூரா பாஸ்ரியன்ல ரூட் இருக்கிற ஆரும் உங்கட ஏஜென்ற் சொக்கெற்றை எடுத்து உங்கட பெயரில போகலாம். நாங்கள் இந்த வழியை விட்டது இதால தான்.

மூண்டாவது வழியும் நாலாவது வழியும் இந்த வேலைக்கெண்டே எழுதின புரொக்ஸி. நாங்கள் ரெண்டைப் பாத்தம், ரெலிபோர்ட்டும் வார்ப்கேட்டும். ரெண்டிலயும் கடிதம் புரொக்ஸியில பிரியலாம், யூசருக்கு அந்த மெசின்ல ஷெல்லே இல்லை, அதால மேல சொன்ன `nc` விளையாட்டெல்லாம் எடுபடாது.

ரெலிபோர்ட் பெரிய ஆள். சேர்வர் ஒவ்வொண்டிலயும் ஒரு ஏஜென்ற் வைச்சா அங்கயே பதிஞ்சு அனுப்பும், இல்லாட்டி புரொக்ஸியில பதியச் சொல்லலாம், பதிவை முடிஞ்ச பிறகு அனுப்புறதா நடக்க நடக்க அனுப்புறதா எண்டும் தெரிவு இருக்கு. எனக்கு உண்மையா ஆசை வந்தது அதின்ர சேர்ட்டிபிகேற் முறையில. ஒருத்தருக்கும் நிரந்தரக் கீ இல்லை, காலையில லொகின் பண்ணினா சில மணித்தியாலத்துக்கு மட்டும் செல்லுபடியாகிற சேர்ட்டிபிகேற் ஒண்டு கிடைக்கும், வேலையை விட்டுப் போனவற்ற கீயை 12 மெசின்ல தேடித் தேடி அழிக்கிற சோலி இல்லை. கையொப்பம் போட்ட சேர்ட்டிபிகேற்றோட ஒராள் சாதாரண எஸ்எஸ்எச் சேர்வருக்குள்ள போனா அந்த சேர்வர்ற லொக்கிலயே அவற்ற ஐடி விழும் எண்டதும் பெரிய விசயம். ஆனா அதைப் பராமரிக்கோணும், வேர்சன் ஏத்தோணும், ரோல் எழுதோணும், ஆறு பேருக்கு அது கூடிப்போன சாமான். இலவச வேர்சன்ர லைசென்ஸ் வேற கொம்பனி அளவைப் பாக்குது, வளர்ந்தா என்ன செய்யிறது எண்டும் யோசிக்க வேண்டி வந்துது. இருபது முப்பது பேர், குபர்னெற்றிஸ் எல்லாம் இருக்கிற இடமெண்டா நான் இதைத் தான் சொல்லுவன்.

வார்ப்கேட் ஒரே ஒரு பைனரி, ரஸ்ட்ல எழுதினது, எஸ்கியூலைற் ஃபைல் ஒண்டோட ஓடும். சேர்வர்லயும் ஒண்டும் இன்ஸ்ரோல் பண்ணத் தேவையில்லை, லப்டொப்பிலயும் இல்லை, வழமையான `ssh` போதும், யூசர் பெயருக்குப் பின்னால எங்க போகோணும் எண்டு சேர்த்து எழுதுறது மட்டும் தான் வித்தியாசம்:

```
ssh 'user1:app-01'@203.0.113.10 -p 2222
```

ஆறு பேருக்கும் தனித்தனி அக்கவுண்ட், தனிக் கீ, அதோட போன்ல வாற ஆறு இலக்கம். ஆர் எந்த மெசினுக்குப் போகலாம் எண்டு வெப் பக்கத்தில ரோலாப் பிரிக்கலாம், நடக்கிற செஷனை உடனேயும் பாக்கலாம், முடிஞ்சதைத் திருப்பியும் ஓட்டலாம். நாங்கள் இதைத் தான் எடுத்தம். விண்டோஸ் ரெண்டுக்கும் மட்டும் குவாக்கமோலியை அதே நெற்வேர்க்குக்குள்ள வைச்சம், பிரவுசருக்குள்ளயே ஆர்டிபி ஓடும், ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் `recording-path` குடுத்தா ஸ்கிரீனைப் பதியும். எஸ்எஸ்எச்சுக்கும் அதையே பாவிக்கலாம் தான், ஆனா நாள் முழுக்க ரெர்மினல்ல இருக்கிற ஆக்களுக்கு பிரவுசர் ரெர்மினல் எரிச்சல், எரிச்சல் வந்தா குறுக்கு வழி தேடுவினம்.

வார்ப்கேட் எடுத்ததால வாற ஆபத்தையும் சொல்லோணும். எல்லா சேர்வருக்குள்ளயும் போற ஒரு கீ இப்ப வார்ப்கேட்டிட்ட இருக்கு, அந்த மெசினை ஆரும் பிடிச்சா 12 சேர்வரும் போச்சு. அதால ஒவ்வொரு சேர்வர்லயும் `authorized_keys` க்குள்ள அந்தக் கீக்கு முன்னால இதைப் போட்டம்:

```
from="10.20.0.5",no-agent-forwarding ssh-ed25519 AAAA... warpgate
```

10.20.0.5 தான் பாஸ்ரியன்ர உள் ஐபி, கீயைக் கொப்பி பண்ணிக் கொண்டு வேற எங்க இருந்து வந்தாலும் வேலை செய்யாது. பாஸ்ரியன்ல ரூட் ரெண்டே ரெண்டு பேருக்கு, அவையளும் அந்த மெசினுக்குள்ள போறது டேட்டா சென்ரர் கொன்சோல் ஊடா மட்டும். பதிவெல்லாம் ஒவ்வொரு மணித்தியாலமும் வேற ஒரு இடத்துக்குப் போகுது, அங்க எழுத மட்டும் தான் பாஸ்ரியனுக்கு உரிமை, அழிக்க இல்லை. இன்னொரு குறை, சேர்வர் பக்கத்து `auth.log` ல எல்லாரும் ஒரே கீயா, ஒரே ஐபியா தான் தெரிவினம், ஆர் எண்டு அறிய வார்ப்கேட் லொக்கைத் தான் பாக்கோணும், அதால ரெண்டிலயும் நேரம் ஒத்திருக்கோணும். எல்லா மெசினையும் யூரிசியிலயே விட்டு `chrony` போட்டம், வாசிக்கேக்க மட்டும் ஐந்தரையைக் கூட்டுறம், ரொறன்ரோ அண்ணை தன்ர பக்கத்துக்குக் கழிக்கிறார்.

இனி நேரடி வழியை அடைக்கிறது. இதைச் செய்யாட்டி மேல சொன்ன எதுவும் பிரயோசனமில்லை, முன் கதவில கமரா பூட்டிட்டு பின் கதவைத் திறந்து விட்ட மாதிரி. ஒவ்வொரு சேர்வர்லயும்:

```
systemd-run --on-active=10min ufw disable
ufw allow from 10.20.0.5 to any port 22 proto tcp
ufw delete allow OpenSSH
ufw enable
```

முதல் வரி தான் உயிர் காக்கிறது. ஏதும் பிழைச்சு வெளியில நிண்டா பத்து நிமிசத்தில ஃபயர்வோல் தானா நிக்கும், திரும்ப உள்ளுக்குப் போகலாம். எல்லாம் சரியெண்டு பாத்த பிறகு அந்த ரைமரை நிப்பாட்ட மறக்கக் கூடாது, நாங்கள் ஒரு மெசின்ல மறந்து, பத்து நிமிசத்தில ஃபயர்வோல் நிண்டதை அடுத்த நாள் தான் கண்டம். மாத்தேக்க பழைய செஷன் ஒண்டைத் திறந்தே வைச்சிருங்கோ. மூண்டாவது வரியில பழைய விதி உங்கட மெசின்ல `22/tcp` எண்டு வேற பெயரில இருக்கலாம், `ufw status numbered` பாத்து அழியுங்கோ, இல்லாட்டி புது விதியும் இருக்கும் பழைய திறந்த விதியும் இருக்கும்.

பிறகு மூண்டு இடத்தில இருந்து பாக்கோணும், `nc -vz -w 5` ஐ வச்சு. வீட்டில இருந்து அடிச்சா ரைம் அவுட் ஆகோணும், பாஸ்ரியன்ல இருந்து அடிச்சா கனெக்ட் ஆகோணும், மூண்டாவதைத் தான் எல்லாரும் விடுறது, app-01 ல இருந்து app-02 க்கு அடிச்சாலும் ரைம் அவுட் ஆகோணும். உள் நெற்வேர்க் தானே எண்டு முழு 10.20.0.0/24 ஐயும் அனுமதிச்சா, ஒரு சேர்வருக்குள்ள பாஸ்ரியன் ஊடா போனவர் அங்க இருந்து மற்ற 11 க்கும் பாஸ்ரியனுக்குத் தெரியாமப் போவார். `ufw` இல்லாம நேரா `iptables` ல எழுதுற ஆக்கள் ஐபிவி6 ஐயும் பாருங்கோ, அது தனி அட்டவணை, எங்கட பழைய மெசின் ஒண்டில ஐபிவி4 அடைச்சிருந்துது, ஐபிவி6 ஆவெண்டு திறந்திருந்துது.

பாஸ்ரியனை எங்க வைக்கிறது எண்டதிலயும் ஒரு வாக்குவாதம் வந்துது. ஒபிஸ்லயே பழைய பிசி ஒண்டு கிடக்கு, நிரந்தர ஐபியும் இருக்கு, அதில வைப்பம் எண்டு சிலர். நான் மறுத்தன். இஞ்ச கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் இறங்கினா, இல்லாட்டி றோட்டு வெட்டேக்க ஃபைபர் அறுந்தா, கொழும்பில சேர்வர் நல்லா ஓடிக்கொண்டிருக்க ரொறன்ரோவில இருக்கிறவருக்குக் கூட உள்ளுக்குப் போக ஏலாது. சேர்வர் இருக்கிற நெற்வேர்க்கிலயே ஒரு சின்ன விஎம், ரெண்டு கோர், ரெண்டு கிக் ரம், எங்கட ஆறு பேருக்கு அது தாராளம். பாஸ்ரியனே விழுந்தா என்ன செய்யிறது? டேட்டா சென்ரர் கொன்சோல் பாஸ்வேர்ட்டை ஒரு கவரில போட்டு ஒட்டி ஒபிஸ் பெட்டகத்தில வைச்சிருக்கு, ஆரும் பிரிச்சா தெரியும், பிரிச்ச அண்டைக்கே மாத்தோணும்.

பதிவு எதைக் காட்டும் எதைக் காட்டாது எண்டதையும் ரீமுக்கு வடிவாச் சொல்லி வைச்சம். ரெர்மினல் பதிவு ஸ்கிரீன்ல வந்ததைத் தான் காட்டும். ஒருத்தர் `bash fix.sh` எண்டு அடிச்சா அந்த ஒரு வரி தான் தெரியும், ஃபைலுக்குள்ள என்ன இருந்தது எண்டு தெரியாது, அதுக்கு சேர்வர்ல `auditd` வச்சு ஓடின புரோகிராம்களைத் தனியாப் பதியோணும், நாங்கள் டேட்டாபேஸ் மெசின் ரெண்டில மட்டும் வைச்சிருக்கிறம். மற்றப் பக்கம், காட்டக் கூடாததையும் அது காட்டும். `mysql -p` க்குப் பின்னால பாஸ்வேர்ட்டை ஒட்டி எழுதினா அது பதிவில நிக்கும், `.env` ஃபைலை `cat` பண்ணினா உள்ளுக்க இருந்த கீயெல்லாம் நிக்கும். அதால பதிவைப் பாக்கிற உரிமையும் ரெண்டு பேருக்குத் தான், ஒராள் பாத்தா மற்றவருக்குத் தெரியோணும். பாஸ்ரியன்ல இருக்கிற பதிவு 90 நாளுக்குப் பிறகு அழியும், வார்ப்கேட் கொன்பிக்ல `retention` எண்ட வரியை அதுக்கு மாத்தினம்.

போட்டு மூண்டாம் கிழமை ஒரு சேர்வர்ல நைன்ஜின்எக்ஸ் விடியப்புறம் நிண்டுது. செஷன் பட்டியல்ல 21:05 யூரிசிக்கு ஒரு செஷன், ரொறன்ரோ அண்ணைன்ரது. ஓட்டிப் பாத்தம், கொன்பிக்கை மாத்திப் போட்டு `nginx -t` அடிக்கிறார், சரியெண்டு வருது, வெளியில போறார். அவர் செய்ததில பிழை இல்லை, பிறகு சேர்ட்டிபிகேற் புதுப்பிக்கிற கிரொன் ஓடி ரீஸ்ராற் பண்ணேக்க இன்னொரு ஃபைல்ல போர்ட் மோதியிருக்கு. பத்து நிமிசத்தில விளங்கிச்சு. அவருக்குக் கோல் எடுத்து "அண்ணை, உங்கட செஷனைப் பாத்தம், உங்களில பிழை இல்லை, கிரொன் தான்" எண்டு சொன்னன், "ஓம் தம்பி, நான் பயந்து போனன்" எண்டார்.